பெட்டிசமும் படிவமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அரச அலுவலகமொன்றுக்கு எழுதப்படும் முறையீட்டுக் கடிதம் நெடுங்காலமாகப் ‘பெட்டிசம்’ என்றே வழங்கி வருகிறது. இச்சொல் மனு என்பதைக் குறித்தாலும், அதற்கென்று ஊரில் ஒரு வடிவம் உருவாகியிருந்தது. முதலில் எழுதுபவரின் குடும்ப நிலையும், அடுத்து நேர்ந்த துன்பமும், அதன்பின் பெரியவரின் இரக்கத்தை வேண்டும் வரிகளும், கடைசியில் ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள’ என்னும் கையொப்பமும் அதில் வரும். கேட்கப்படும் பொருள் இந்த வரிசைக்குள் எங்கோ ஓரிடத்தில், பெரும்பாலும் இறுதிக்குச் சற்று முன்னர், ஒரே வாக்கியத்தில் தங்கியிருக்கும். அதிகாரி இரங்கினால் கொடுப்பவர், இரங்காவிட்டால் மறுப்பவர் என்ற நிலையில் பிறந்த வடிவம் இது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, இந்த மரபுக்கு நேரெதிரான தாளொன்று அலுவலகக் கருமபீடங்களுக்கு வந்து சேர்ந்தது. ஆர்.டி.ஐ. 01 எனப்படும் அப்படிவம் இலக்கமிட்ட கூறுகளால் ஆனது. விண்ணப்பிப்பவரின் பெயர், முகவரி, தொடர்பு இலக்கம் முதலியவற்றுக்குப் பின்னர் ஐந்தாம் கூறு, தகவல் எந்தப் பகிரங்க அதிகாரசபையிடம் கேட்கப்படுகிறது, என்ன தகவல், எந்தக் காலப்பகுதிக்குரியது என மூன்றாகப் பிரிகிறது. பகிரங்க அதிகாரசபை என்பது, இச்சட்டத்தின்படி தகவல் தரக் கடமைப்பட்ட அமைச்சு, திணைக்களம், பிரதேச செயலகம் முதலிய எந்த நிறுவனத்தையும் குறிக்கும். அதன்பின், தகவல் எந்த உருவில் வேண்டும், எந்த மொழியில் வேண்டும், அது ஒரு குடிமகனின் உயிரோடும் தனிமனிதச் சுதந்திரத்தோடும் தொடர்புடையதா என்னும் வினாக்கள் வருகின்றன. இறுதியில் விண்ணப்பிப்பவர் இலங்கைக் குடிமகனா என்ற வினாவும் திகதியும் கையொப்பமும் உள்ளன. துன்பத்தைச் சொல்வதற்கென்று தனி இடம் இப்படிவத்தில் இல்லை.

அந்த இடம் இல்லாமை ஒரு குறையாகவே பலருக்குத் தோன்றுகிறது. எனினும் அதன் சட்ட அடிப்படை வேறானது. தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்ற காரணத்தைக் கூற வேண்டியதில்லை என்று இச்சட்டத்தின் 24ஆம் பிரிவு வெளிப்படையாகக் கூறுகிறது. அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் 2015இல் தகவல் பெறுவதை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தபின், இரக்கத்தைத் தூண்டும் வரிகளுக்குச் சட்டத்தின் முன் வேலை இல்லாமற் போயிற்று. ஒரு பெட்டிசத்தைப் படிவமாக மாற்றுகையில் உண்மையில் என்ன நடக்கிறது, எது உள்ளே செல்கிறது, எது வெளியே நிற்கிறது என்பதை வலிகாமம் வடக்கின் காணி விடயத்தைக் கொண்டு பார்ப்பதே தகும். அங்கேதான் இந்த மாற்றம் வெறும் எழுத்து வேலையாக இல்லாமல் உடைமையின் இருப்பையே தொடுகிறது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறை முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வூர்கள் பின்னர் உயர்பாதுகாப்பு வலயமாயின. ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகளின் பின், 2013 ஏப்பிரலில், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைப் படைத் தேவைக்காக எடுக்கும் நோக்குடன், 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்பது அவ்வறிவித்தல்களோடு சொல்லப்பட்ட செய்தி. அவ்வுரிமையாளர்களுட் பலர், தம் காணியிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலேயே, சுன்னாகம், மல்லாகம் பகுதி நலன்புரி நிலையங்களில், அரசின் பங்கீட்டுப் பதிவுகளில் பெயரும் இலக்கமும் இடப்பெற்று வாழ்ந்து வந்தனர். காணி உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். அடுத்து வந்த ஆண்டுகளில் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகச் சூழல் 2017 யூலையில் மக்களிடம் திரும்பியது. விடுபடாத துண்டுகளும் எஞ்சின.

இத்தகைய எஞ்சிய துண்டொன்றின் உரிமையாளர் எழுதும் பெட்டிசத்தின் பொதுவான போக்கு எளிதில் ஊகிக்கத்தக்கது. தாய் சீதனமாகக் கொடுத்த நான்கு பரப்புக் காணி அது. அங்கு கல்வீடும் கிணறும் இருந்தன. 1990இல் உடுத்த உடையோடு வெளியேறினர். கணவர் முகாமிலேயே காலமானார். பக்கத்துக் காணி விடப்பட்டுவிட்டது. ‘எங்கள் காணியை மட்டும் ஏன் இன்னும் விடவில்லை, எப்போது விடுவீர்கள்’ என்பதை அறியத் தர வேண்டும். இவ்வாசகம் அப்படியே ஐந்தாம் கூற்றின் இரண்டாம் பகுதிக்குள் எழுதப்படுமாயின், ‘கோரப்பட்ட தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்னும் பதிலே பெரும்பாலும் வரும். அப்பதிலில் அலட்சியம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சட்டப்படி அது தவறென்று நிறுவுவது கடினம். ஏனெனில் தகவலுக்கான உரிமைச் சட்டத்தில் ‘தகவல்’ என்பது ஏதேனும் உருவில் பதிவாகி, அந்த அதிகாரசபையின் உடைமையில் அல்லது கட்டுப்பாட்டில் இருப்பதையே குறிக்கிறது. ‘ஏன்’ என்பது எந்தக் கோவையிலும் எழுதப்படாதிருந்தால், அதை உருவாக்கித் தரும் கடமை தகவல் அலுவலருக்கு இல்லை. தகவல் அலுவலர் என்பவர் விண்ணப்பங்களைப் பெற்றுத் தீர்மானிப்பதற்கென ஒவ்வோர் அதிகாரசபையிலும் நியமிக்கப்பட்டிருப்பவர்.

ஆகவே மாற்றத்தின் முதல் வேலை, ‘ஏன்’ என்ற வினாவை, அதற்கு விடை இருக்கக்கூடிய ஆவணத்தின் பெயராக மாற்றுவதாகும். இதற்குக் காணி எடுத்தற் சட்டத்தின் படிமுறை தெரிந்திருக்க வேண்டும். 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒரு பகுதியில் பொதுத் தேவைக்குக் காணி வேண்டப்படுகிறது என்று கூறி, அலுவலர் உட்சென்று ஆராய அனுமதிக்கிறது. உரித்து அதனால் கைமாறுவதில்லை. 4ஆம் பிரிவு அறிவித்தல் குறித்த காணியை எடுக்கும் எண்ணத்தைத் தெரிவித்து ஆட்சேபனைகளைக் கோருகிறது. 5ஆம் பிரிவின் கீழ் அமைச்சர் அக்காணி எடுக்கப்படும் என்று பிரகடனம் செய்கிறார். பின்னர் 7ஆம் பிரிவு அறிவித்தல் மூலம் உரிமை கோருவோர் அழைக்கப்பட்டு விசாரணை நடக்கிறது. வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வெளியாகும் 38ஆம் பிரிவுக் கட்டளையே அரச உடைமையை ஏற்படுத்துகிறது; அவசரத் தேவையெனக் கருதப்பட்டால் இக்கட்டளை இடைப்படிகளை முந்திக்கொண்டும் வரலாம். 2013இல் மரத்திலும் தூணிலும் ஒட்டப்பட்ட தாளைக் கண்டவர்களுட் பலர் காணி அன்றோடு போய்விட்டதென்று எண்ணிக்கொண்டனர். அது முதற்படியைக் குறித்த தாள் மட்டுமே.

இதை அறிந்தபின் ஐந்தாம் கூறு வேறு உருவம் கொள்கிறது. அதிகாரசபையின் பெயருக்குரிய இடத்தில், தெல்லிப்பழையில் அமைந்த வலிகாமம் வடக்குப் பிரதேச செயலகம் எழுதப்படும். கோரப்படும் தகவலுக்குரிய இடத்தில் நான்கு உருப்படிகள் வரும்: குறித்த கிராம அலுவலர் பிரிவு தொடர்பாக வெளியிடப்பட்ட 2ஆம் பிரிவு அறிவித்தலின் பிரதி, அதன்பின் அதே பிரிவுக்கு 4ஆம் பிரிவு அறிவித்தல், 5ஆம் பிரிவுப் பிரகடனம், 38ஆம் பிரிவுக் கட்டளை ஆகியவற்றுள் ஏதேனும் வெளியிடப்பட்டிருப்பின் அதன் பிரதி, மேற்படி காணித்துண்டைக் காட்டும் நில அளவைப் படத்தின் பிரதி, அக்காணியை விடுவிப்பது பற்றி இச்செயலகத்துக்கும் காணி அமைச்சுக்கும் இடையே நடந்த கடிதத் தொடர்பின் பிரதி. காலப்பகுதிக்குரிய இடத்தில் 2013 ஏப்பிரல் 1 முதல் விண்ணப்பத் திகதி வரை என்று வரும். முதற் பெட்டிசத்தில் கண்ணீரோடு இருந்த ‘ஏன்’ இந்நான்கு உருப்படிகளுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. ஆனால் இப்போது அதற்கு ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று பதில் சொல்லியே ஆக வேண்டும்.

‘இல்லை’ என்ற பதிலும் இங்கே வெறுங்கை அன்று. இரண்டாம் உருப்படிக்கு ‘அத்தகைய அறிவித்தலோ கட்டளையோ எம்மிடம் இல்லை’ என்று கையொப்பமும் திகதியும் இட்ட கடிதம் வருமாயின், அச்செயலகத்தின் பதிவுகளின்படி காணி இன்னும் அரச உடைமையாகவில்லை என்பதற்கு அரச அலுவலரின் எழுத்தே சான்றாகிறது. வர்த்தமானியையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டால் அச்சான்று மேலும் உறுதிபெறும். எந்த இரக்க மொழியாலும் பெற முடியாத பொருள் அது. படிவத்தை நன்கு நிரப்புவதென்பது, எதிர்மறைப் பதிலும் பயன்படும்படி வினாவை அமைப்பதே என்று துணிந்து சொல்லலாம்.

காணித்துண்டை அடையாளப்படுத்துவதில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் இடறுகின்றன. யாழ்ப்பாணத்துக் காணி உறுதி, அதாவது நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படும் உரித்து ஆவணம், தனக்கென்று ஓர் ஒழுங்கை உடையது. ஒல்லாந்தர் காலத் தோம்புகளிலிருந்து, அதாவது காணிப் பதிவேடுகளிலிருந்து, தொடர்ந்துவரும் பதிவு மரபில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு. பரப்பு என்னும் அளவில் விசாலம் உண்டு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் ஆகையால் நான்கு பரப்பு என்பது கால் ஏக்கராகும். அதன்பின் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என நான்கு எல்லைகளும் அயற்காணிக்காரரின் பெயர்களாலும் ஒழுங்கை, தெரு என்பவற்றாலும் சொல்லப்படும். எல்லைக்கு மனிதரையே சாட்சியாக்கிய இவ்வரிசை, ஊரில் மனிதர் இருந்த வரையில் எந்தப் படத்தையும்விடத் துல்லியமானதாக இருந்தது.

முப்பது ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின் அந்தச் சாட்சிகள் இல்லை. கிழக்கெல்லையாக எழுதப்பட்டவர் இறந்து, அவருடைய பிள்ளைகள் மூன்று நாடுகளில் இருக்கலாம். கதியால் வேலி அழிந்து, ஒழுங்கையின் மீது வேறொரு தெரு ஓடலாம். உறுதியின் எல்லை விபரத்தை மட்டும் படிவத்தில் பெயர்த்தெழுதினால், கோவையைத் தேடும் எழுதுவினைஞருக்கு அது எந்தத் துண்டென்று புலப்படாது. செயலகத்தின் கோவைகள் காணிப் பெயராலன்றி, ‘ஜே’ என்னும் எழுத்தும் சாய்கோடும் தாங்கிய கிராம அலுவலர் பிரிவு எண்ணாலும், நில அளவைப் படத்தின் துண்டு எண்ணாலுமே அடுக்கப்பட்டிருக்கும். ஆகவே உறுதி இலக்கம், அது எழுதப்பட்ட திகதி, நொத்தாரிசின் பெயர், காணிப் பெயர், விசாலம் ஆகியவற்றை முதலிற் கூறி, அவற்றோடு கிராம அலுவலர் பிரிவு எண்ணைச் சேர்த்து, துண்டு எண் தெரியுமாயின் அதையும், தெரியாவிடின் அதையே கோரும் தகவலாகவும் எழுதுவது தகும். உறுதியின் ஒழுங்கையும் கோவையின் ஒழுங்கையும் ஒரே வரியில் பொருத்தும் இந்த வேலையைச் செய்யத் தெரிந்த பழைய நொத்தாரிசு எழுதுவினைஞர்களும் ஓய்வுபெற்ற கிராம அலுவலர்களும் ஊரில் அருகி வருகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

சொல் தெரிவிலும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நாட்டின் பாதுகாப்பைப் பலவீனப்படுத்தக்கூடிய தகவலை மறுக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இடமளிக்கிறது. ‘எங்கள் காணியில் படையினர் என்ன கட்டியிருக்கிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள்’ என்ற வரி, மற்ற நான்கு உருப்படிகளையும் சேர்த்து மறுப்பதற்கு ஒரு காரணத்தைக் கையிற் கொடுத்துவிடும். காணியின் உரித்து எந்நிலையில் உள்ளது என்பது முகாமின் உள்விபரம் அன்று; வினா அந்த எல்லைக்குள்ளேயே நிற்பது நல்லது. அப்படியும் மறுக்கப்படின், மறுப்புக்குரிய பகுதியை நீக்கி எஞ்சியதைத் தரவேண்டும் என்று 6ஆம் பிரிவு கூறுவதையும், மறுப்புக்கான காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும் என்பதையும் சுட்டிக் கேட்கலாம்.

எட்டாம் கூறாகிய உயிரும் சுதந்திரமும் பற்றிய வினாவுக்கு ‘ஆம்’ என்று எழுதினால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் வரவேண்டும் என்பதால் காணி விண்ணப்பங்களிலும் அவ்வாறு எழுதும் வழக்கம் உண்டு. அது தவிர்க்கத்தக்கது. தடுத்து வைக்கப்பட்டோர், கையளிக்கப்பட்டபின் காணாமலாக்கப்பட்டோர் ஆகியோரைத் தேடும் குடும்பங்களுக்குரிய இடம் அது. காரணமும் அங்கே எழுதப்பட வேண்டும். மொழி பற்றிய கூற்றில், வடக்குக் கிழக்கில் தமிழே நிருவாக மொழி என்னும் அரசியலமைப்பு ஏற்பாட்டை மனத்திற்கொண்டு தயங்காமல் தமிழ் என்றே எழுதலாம். ஆனால் மூல ஆவணத்தின் பிரதி அது எழுதப்பட்ட மொழியிலேயே இருக்கும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். உருவம் பற்றிய கூற்றில், பின்னாளில் நீதிமன்றம் செல்ல நேருமென்றால் ‘உறுதிப்படுத்திய பிரதி’ என்று குறிப்பது அவசியம்.

குடியுரிமை வினா இப்படிவத்தின் ஒரே பிரகடனம் எனலாம். இவ்வுரிமை குடிமக்களுக்கே உரியது. குடாநாட்டில் உறுதிக்குரியவர்களுட் பலர் கனடாவிலோ பிரித்தானியாவிலோ குடியுரிமை பெற்று, இலங்கைக் குடியுரிமையை இழந்தவர்கள். காணி அவர்களுடையதே எனினும் இப்படிவத்தில் அவர்கள் ‘ஆம்’ என்று எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை பெற்றவர் எழுதலாம். மற்றவருக்காக ஊரில் உள்ள உடன்பிறந்தவரோ மருமகனோ தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். காரணமோ காணியோடுள்ள உறவோ கேட்கப்படாத சட்டமாதலால் அதற்குத் தடையில்லை. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினருக்குக் குறையாதோர் குடிமக்களாயின் ஒரு சங்கமும் குடிமகனாகக் கருதப்படும் என்பதால், மீள்குடியேற்றச் சங்கத்தின் பெயராலும் கேட்கலாம். காரணம் கூறவேண்டாம் என்ற விதி, புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இத்தனை பயன் தரும் என்று சட்டம் எழுதியோர் நினைத்திருப்பார்களோ என்னவோ, குடாநாட்டுக்கு அது பெரும் பேறு.

பெட்டிசத்திலிருந்து வெளியே நின்றுவிட்ட கல்வீடும் கிணறும் முகாமில் நேர்ந்த மரணமும் எங்கே செல்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. அவற்றுக்குரிய தாள் சத்தியக் கடதாசி. சமாதான நீதவான் முன்னிலையில் உறுதிகூறிக் கையொப்பமிடப்படும் அவ்வாவணத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. உறுதி கூறுபவர் யார் என்பது முதலில் வரும். இந்துக்கள் உறுதியுரைப்பதும் கிறித்தவர் சத்தியம் செய்வதும் அம்முதல் வரியிலேயே குறிக்கப்படும். பின் இலக்கமிட்ட பந்திகளில், ஒரு பந்திக்கு ஒரு செய்தியாக, தாமே கண்டறிந்தவை மட்டும் கால வரிசையில் வரும். சீதனமாகப் பெற்றமை ஒரு பந்தி. 1990 யூன் வரை அங்கு வசித்தமை ஒரு பந்தி. வெளியேறியமை ஒரு பந்தி. கணவரின் மரணம், மரணச் சான்றிதழின் இலக்கத்தோடு, ஒரு பந்தி. இன்றுவரை காணியை விற்கவோ கைவிடவோ இல்லை என்பது ஒரு பந்தி. இழப்பீட்டு விசாரணையிலும் நீதிமன்றத்திலும் எடைபெறப் போவது இந்தத் தாளே. அழுகையைச் சட்டம் வேண்டாமென்று ஒதுக்கவில்லை. அதைத் திகதியிட்டுச் சொல்லும்படி கேட்கிறது. அது கொடிய வேண்டுகோளே. துயரை இலக்கமிடுவது எளிதன்று. ஒரு தாயிடம் அதைக் கேட்டெழுதுபவர் அவசரப்படலாகாது. முழுக் கதையையும் முதலில் அவருடைய வாய்மொழியிலேயே கேட்டுவிட்டுப் பின்னரே பந்தி பிரிக்க வேண்டும்.

கூறுகளுள் மிகச் சாதாரணமாக நிரப்பப்படுவது இரண்டாவதாகிய முகவரி. எனினும் வலிகாமம் வடக்கைப் பொறுத்தவரை அதுவே மிகக் கனமான கூறு என்று கொள்ளத்தகும். ‘உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை’ என்ற அடிப்படையில் நகர்ந்த நடவடிக்கையொன்றின் கோவைக்குள், அந்த உரிமையாளர் தம் பெயரையும் வசிக்கும் இடத்தையும் தம் கையாலேயே எழுதி நுழைக்கிறார். அவ்விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதாக அலுவலகம் உடனடியாக எழுத்தில் ஒப்புகை தரவேண்டும் என்பது சட்டம். ஒப்புகை தரப்பட்ட நாளிலிருந்து அவர் கண்டறியப்பட்டவர். பின்வரும் எந்த அறிவித்தலையும் மரத்தில் ஒட்டிவிட்டுப் போவதற்கு அவ்வலுவலகத்துக்குச் சாக்கு இல்லை.

ஒப்புகையிலுள்ள திகதிக்கு வேறு வேலையும் உண்டு. அன்றிலிருந்து பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அல்லது பேசாதிருந்தால், பதினான்கு நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம், அதாவது முதல் மேன்முறையீட்டைக் கேட்பவரிடம், முறையிடலாம். அவருக்கு மூன்று வாரம் உண்டு. அதன்பின் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதங்களுக்குள் செல்லலாம். திகதி இல்லாத ஒப்புகையை வைத்துக்கொண்டு இவற்றுள் எந்த நாளையும் எண்ண முடியாது. ஆகவே படிவத்தின் ஒரு பிரதியைக் கையில் வைத்திருப்பவர், அதிலே அலுவலக முத்திரையும் திகதியும் விழும்வரை கருமபீடத்தை விட்டு நகரவேண்டாம்.